தீர்ந்தது என்று யார் சொல்வது? சாட்பாட் உரையாடலின் முடிவும் மறுதொடக்கமும்

வங்கி, ரயில் டிக்கெட், தொலைபேசி இணைப்பு, இணையக் கடை என எதில் சிக்கல் வந்தாலும் இன்று முதலில் பதில் சொல்வது பெரும்பாலும் ஒரு சாட்பாட்தான். அது நம் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்கிறதா என்பது பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. உரையாடலை எந்த இடத்தில் முடிப்பது, பிரச்சினை தீர்ந்ததை எப்படி உறுதிசெய்வது, தீராமல் திரும்பி வருபவரிடம் எங்கிருந்து தொடங்குவது என்ற மூன்றும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் உதவி கேட்டுப் போனவரின் நேரமும் பொறுமையும் வீணாவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

இவற்றுக்கு வெவ்வேறு துறைகள் வெவ்வேறு காலங்களில் விடை தேடியிருக்கின்றன. உரையாடல் எப்படி முடிகிறது என்பதை மொழியியலோடு ஒட்டிய சமூகவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தீர்வை எப்படி எண்ணுவது என்பது கால்சென்டர் நிர்வாகத்தின் கவலை. விட்ட இடத்திலிருந்து தொடர்வதை மொழி மாதிரிகளை உருவாக்குபவர்கள் கையிலெடுத்திருக்கிறார்கள். இவர்கள் ஒருவரையொருவர் வாசித்ததாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர் உதவிக்கான சாட்பாட்டை மையமாக வைத்து அந்த விடைகளை அருகருகே நிறுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

முடிவு என்பது இருவர் சேர்ந்து செய்வது

உரையாடல் எப்படி முடிகிறது என்ற கேள்விக்கு அடித்தளமான ஆய்வு 1973-இல் இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் இருவரும் வெளியிட்டது. தொலைபேசி உரையாடல்களைக் கூர்ந்து கவனித்த அவர்கள், பேச்சு தானாக நின்றுவிடுவதில்லை, இருவரும் சேர்ந்து அதை முடிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று காட்டினார்கள். அந்த வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில் ஒருவர் புதிதாக எதையும் சொல்லாமல் வெறுமனே ‘சரி’ என்பது போன்ற ஒரு சொல்லைப் போடுகிறார். அதன் பொருள், என்னிடம் இனிச் சொல்ல ஒன்றுமில்லை, உங்களிடம் இருந்தால் சொல்லலாம் என்பது. மற்றவரும் அதேபோல் ‘சரி’ என்றால் வாசல் மூடத் தொடங்குகிறது, பிறகு விடைபெறும் சொற்கள் வருகின்றன. மற்றவருக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தால், அந்த இடைவெளியில் அதைச் சொல்கிறார், பேச்சு மறுபடி திறக்கிறது.

விடைபெறுதலுக்கு முந்தைய இந்த இடைவெளி மரியாதைக்காக வைக்கப்பட்டது மட்டுமல்ல. இதுவரை சொல்லப்படாதது வெளியே வருவதற்கென்றே உரையாடலில் இருக்கும் இடம் அது. இன்றைய உதவி சாட்பாட்களில் பல இந்த இடத்தையே விழுங்கிவிடுகின்றன. பதிலும், இது பயனுள்ளதாக இருந்ததா என்ற கேள்வியும், கட்டைவிரல் பொத்தான்களும் ஒரே செய்தியில் வந்து நிற்கின்றன. பதிலைப் படித்து, செய்து பார்த்து, சரிதானா என்று யோசிக்க ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய முறை அங்கே அவருக்குக் கிடைப்பதே இல்லை.

கணினி உரையாடலின் தொடக்க காலத்திலும் முடிவு ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. ஜோசஃப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலைசா என்ற நிரலின், மருத்துவர் போலப் பேசும் ‘டாக்டர்’ வடிவமும், கென்னத் கோல்பியின், நோயாளி போலப் பேசும் பாரி என்ற நிரலும் 1972-இல் அர்ப்பாநெட் வழியாக ஒன்றோடொன்று பேசவைக்கப்பட்டன. பாரி விடைபெற்றதும் டாக்டர் 399 டாலர் 29 சென்ட் கட்டணம் கேட்டு முடித்தது. நோயாளிக்கு ஏதாவது குணமானதா என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் இடமே இருக்கவில்லை. விடைபெறும் சொல்லை அடையாளம் காண்பது, பொருந்தும் சொல்லைத் திருப்பித் தருவது, அவ்வளவுதான் முடிவு.

கடிகாரம் முடித்துவைக்கும் உரையாடல்

பின்னர் வந்த வணிக அமைப்புகள் வேறொரு விடையைக் கைக்கொண்டன. பயனர் விடைபெறுவார் என்று எதிர்பார்ப்பதில் பலனில்லை, பாதிப் பேர் சொல்லாமலே போய்விடுவார்கள், ஆகவே கடிகாரமே முடிக்கட்டும் என்பது அந்த விடை. அமேசான் லெக்ஸில் எந்த மாற்றமும் செய்யாவிட்டால் 5 நிமிட மௌனத்துக்குப் பிறகு அமர்வு காலாவதியாகிறது. விரும்பினால் 24 மணி நேரம் வரை நீட்டலாம். கூகுளின் டயலாக்ஃப்ளோவின் முந்தைய பதிப்பில் அந்த அவகாசம் 20 நிமிடம். வாட்ஸ்அப் வணிகச் சேவையில் வாடிக்கையாளர் கடைசியாக அனுப்பிய செய்தியிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் சுதந்திரமாகப் பதில் எழுத முடியும். அதற்குப் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் செய்திகளை மட்டுமே அனுப்பலாம்.

இந்த எல்லைகளுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. சேமிப்புக்குச் செலவாகிறது, பாதுகாப்பும் முக்கியம். நேற்றுத் திறந்த வங்கி உரையாடல் இன்று வேறொருவர் கையில் இருக்கும் தொலைபேசியில் அப்படியே தொடரக்கூடாது. குறை எங்கே என்றால், கணினியின் அமர்வும் மனிதரின் பிரச்சினையும் ஒரே நீளமுள்ளவை என்று எடுத்துக்கொள்வதில்தான். ரவுட்டரை அணைத்து, 10 நிமிடம் காத்திருந்து, மீண்டும் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு 5 நிமிடத்தில் உறங்கிப்போகும் அமைப்பு, தான் சொன்ன வேலையைப் பயனர் செய்துமுடிக்கும்வரைகூட இருப்பதில்லை. இந்த முரணை நீளமான ஆய்வு இல்லாமலே கண்டுபிடிக்கலாம். அமைப்பு தரும் ஒவ்வொரு அறிவுரையும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எழுதி, அமர்வின் ஆயுளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இதற்கு நேர்மாறான ஒரு கோளாறும் உண்டு: விடமறுக்கும் உரையாடல். துணைக்கென்று பழகும் சாட்பாட் செயலிகளில் பயனர்கள் விடைபெறும் தருணங்களை ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2025-இல் ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட விடைபெறல்களுக்கு, குற்றவுணர்வைத் தூண்டுவது, ஆவலைக் கிளறுவது போன்ற வழிகளில் பயனரைப் பிடித்துவைக்கும் பதில்கள் வந்ததாகக் கண்டார்கள். உதவி சாட்பாட்களில் இது இவ்வளவு அப்பட்டமாக இருப்பதில்லை. ஆனால் கேட்காத சலுகைத் திட்டத்தை விடைபெறும்போது நீட்டுவதும், ஒரு நட்சத்திர மதிப்பீட்டைத் தராமல் வெளியேற விடாததும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மௌனத்தை எப்படி எண்ணுவது

முடிவு பற்றிய கேள்வி கால்சென்டருக்குள் நுழையும்போது எண்ணிக்கைக் கேள்வியாகிறது. அங்கே இரண்டு அளவைகள் நெடுங்காலமாகப் போட்டியிடுகின்றன. ஒன்று, எத்தனை உரையாடல்கள் மனித ஊழியரிடம் போகாமல் சாட்பாட்டிலேயே நின்றன என்பது. மற்றொன்று, முதல் தொடர்பிலேயே எத்தனை பிரச்சினைகள் தீர்ந்தன என்பது. முதலாவதை எண்ணுவது மிக எளிது. அதனால்தான் அது ஆபத்தானதும்கூட. மனித ஊழியரை அடையும் வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் எரிச்சலோடு செயலியை மூடியவரும், பதில் கிடைத்து நிறைவோடு மூடியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

மொழி மாதிரிகளின் வரவுக்குப் பிறகு இந்த வேறுபாடு பணத்தோடு நேரடியாக இணைந்துவிட்டது. இன்டர்காம் நிறுவனம் தன் ஃபின் சாட்பாட்டுக்கு ஒரு தீர்வுக்கு 99 சென்ட் என்று 2023-இல் விலை வைத்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் 2024-இல் தன் சேவைக்கு ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்று அறிவித்தது. ஒன்று தீர்வுக்கு, மற்றது பேச்சுக்கு. தீர்வுக்கு மட்டுமே கட்டணம் என்பது கேட்க நேர்மையாக இருக்கிறது, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கவும் கூடும். ஆனால் தீர்வு என்ற சொல்லுக்கு இன்டர்காமின் விலைப்பட்டியல் தரும் வரையறையைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் பதில் சரி என்று தானே சொன்னால் அது உறுதியான தீர்வு. கடைசிப் பதிலுக்குப் பிறகு மேற்கொண்டு உதவி கேட்காமல் போய்விட்டால் அது அனுமானத் தீர்வு. இரண்டுக்கும் கட்டணம் உண்டு. மௌனம் சம்மதம் என்ற விதி இங்கே வணிக ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மௌனத்தை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. எளிய கேள்விக்குச் சரியான பதில் கிடைத்த பலர் எதுவும் சொல்லாமல்தான் போவார்கள். அவர்களையெல்லாம் தீராத பிரச்சினையாக எண்ணினால் அமைப்பின் மேல் தவறான தீர்ப்பு எழுதப்படும். ஆகவே மூன்றாவது ஒரு கட்சி, மௌனத்தையும் பொத்தானையும் விட்டுவிட்டு, அதே நபர் அதே பிரச்சினையோடு திரும்பி வருகிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. கிளார்னா நிறுவனம் 2024 பிப்ரவரியில் தன் சாட்பாட்டைப் பற்றிச் சொன்ன கூற்றுகளில், திரும்பத் திரும்ப வரும் விசாரணைகள் 25 விழுக்காடு குறைந்தன என்பதும் ஒன்று. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொன்னது என்ற எச்சரிக்கையோடு இதை எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் அளவையின் திசை சரியானது என்றே தோன்றுகிறது. இதற்கும் ஓட்டை உண்டு: சாட்பாட்டை விட்டுவிட்டு வங்கிக் கிளைக்கே நேரில் போனவரும், இனிப் பயனில்லை என்று பணத்தையே கைவிட்டவரும் திரும்பி வராதவர்கள் பட்டியலில் வெற்றியாகச் சேர்ந்துவிடுகிறார்கள். தொலைபேசி, கிளை, சாட்பாட் மூன்றின் பதிவுகளும் ஒரே புகார் எண்ணில் சேராதவரை இந்த ஓட்டை அடைபடாது.

கேட்கும் விதம் பதிலை மாற்றுகிறது

உறுதிசெய்யும் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு மருத்துவத் துறையிலிருந்து அழுத்தமான சான்று ஒன்று இருக்கிறது. ஜான் ஹெரிடேஜும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், குடும்ப மருத்துவர்கள் நோயாளியின் முதல் குறையைக் கேட்டதும், வேறு குறைகள் உண்டா என்று கேட்டார்கள். ஒரு பாதி மருத்துவர்களின் கேள்வி ‘உண்டு’ என்ற பதிலை எதிர்பார்க்கும் சாயலிலும், மறுபாதியினருடையது ‘இல்லை’ என்பதை எதிர்பார்க்கும் சாயலிலும் ஒரே ஒரு சொல்லால் வேறுபட்டிருந்தன. முதல் சாயலில் கேட்கப்பட்டவர்களிடம், சொல்லாமலே வீடு திரும்பிய குறைகள் 78 விழுக்காடு குறைந்தன. இரண்டாவது சாயல் எதையும் கேட்காததைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை.

அந்தக் கேள்வி சந்திப்பின் தொடக்கத்தில் கேட்கப்பட்டது. சாட்பாட்டில் அது கடைசியில் வருகிறது. ஆகவே எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இருந்தாலும் ஒன்று தெளிவாகிறது: பொதுவாகக் கேட்டால் பொதுவான ‘இல்லை’தான் கிடைக்கும். பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்பதைவிட, இப்போது உள்நுழைந்து பாருங்கள், முகப்பில் உங்கள் பெயர் தெரிகிறதா என்று கேட்பது மேலானது. முன்னதற்குப் பதில் சொல்லக் கருத்து போதும். பின்னதற்குப் பார்த்துவிட்டு வர வேண்டும். ‘ஓகே, நன்றி’ என்ற பதிலும் இங்கே குழப்புகிறது. நீங்கள் சொன்னது புரிந்தது என்பதற்கும் சொன்னபடி செய்தேன், சரியானது என்பதற்கும் மக்கள் அதையே எழுதுகிறார்கள். முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்ளும் நிரல் நல்லெண்ணத்தோடுதான் தவறு செய்கிறது.

ஒரு யூபிஐ புகாரைத் தொடர்ந்து பார்த்தால்

மேலே சொன்ன பல நிலைப்பாடுகளுக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: முடிக்கும் நேரத்தில் பயனருக்கு விடை தெரியும், கேட்டால் போதும் என்பது. இந்த நம்பிக்கை நிற்காத ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் 3-ஆம் தேதி மாலை மருந்துக்கடையில் யூபிஐ மூலம் 1,840 ரூபாய் செலுத்துகிறார். கணக்கில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கடையின் ஒலிப்பெட்டி பணம் வந்ததாக அறிவிக்கவில்லை. கடைக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வங்கிச் செயலியின் சாட்பாட்டில் புகார் செய்கிறார். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வணிகருக்குச் செலுத்திய பணம் கழிந்து, உறுதிப்பாடு வணிகரிடம் சேராவிட்டால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திருப்பிப் போடப்பட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதை வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி தர வேண்டும். அங்கே நாள் என்பது நாட்காட்டி நாள், வேலை நாள் அல்ல. ஆகவே இவருடைய கெடு 8-ஆம் தேதி.

சாட்பாட் 5 நாட்களில் பணம் திரும்பும் என்று சொல்லிவிட்டு, பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்கிறது. இவர் என்ன சொல்வார்? தகவல் கிடைத்தது, ஆகவே ஆம். பணம் கிடைக்கவில்லை, ஆகவே இல்லை. எதை அழுத்தினாலும் பாதி பொய்யாகிறது. பெரும்பாலோர் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார்கள். புகார் தீர்ந்தவற்றின் பட்டியலுக்குப் போய்விடும். 9-ஆம் தேதி பணம் வராமல் இவர் திரும்பும்போது, அமைப்பைப் பொறுத்தவரை பழைய புகார் முடிந்த கதை. தேதி, தொகை, கடையின் பெயர், 12 இலக்கக் குறிப்பு எண் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னதும் அதே விடை வரும்: 5 நாட்கள் காத்திருங்கள். கெடு இன்றிலிருந்து புதிதாக எண்ணப்படுவது போன்ற தோற்றத்தில் இவர் உரிமையே மறைந்துபோகலாம்.

நன்றாக முடிக்கப்பட்ட உரையாடல் இதே இடத்தில் வேறு மாதிரி இருந்திருக்கும். அது தீர்ந்ததா என்று கேட்காது, ஏனென்றால் யாருக்கும் அது தெரியாது. மாறாக, புகாரைக் காத்திருப்பு நிலையில் வைத்து, பயனர் கையில் இப்படி ஒரு குறிப்பைக் கொடுக்கும்:

```
புகார் எண்: (எண்)
உறுதியானது: 3-ஆம் தேதி ரூ. 1,840 கழிந்தது;
  கடையில் சேர்ந்ததாக இன்னும் பதிவில்லை
குறிப்பு எண்: (12 இலக்கம்)
அடுத்து செய்ய வேண்டியது: வங்கி திருப்பிப் போடுவது
கெடு: 8-ஆம் தேதி
எப்படித் தெரியும்: அதே தொகை கணக்கில் வரவாகும்
வராவிட்டால்: இந்த எண்ணோடு திரும்புக; நாளுக்கு ரூ. 100
```

8-ஆம் தேதி நிரல் தானாகவே பரிமாற்ற நிலையைப் பார்த்து, முடிவை அவருக்கு அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் வழியாக என்றால் 24 மணி நேரச் சாளரம் அதற்குள் மூடியிருக்கும். ஆகவே அந்தச் செய்திக்கான டெம்ப்ளேட்டை வடிவமைப்பாளர் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் பல திட்டங்கள் இந்தச் சிறு முன்வேலையை மறந்ததால், பின்தொடர்தல் செய்தியை அனுப்ப வழியில்லாமல் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு கிளையும் உண்டு, அதுதான் மறுதொடக்கத்துக்கு முக்கியமானது. 4-ஆம் தேதி காலை அந்தப் பணம் கடைக்காரர் கணக்கில் தாமதமாகச் சேர்ந்திருக்கலாம். அப்போது வங்கி திருப்பிப் போட ஒன்றுமில்லை. இவர் ஒரே மருந்துக்கு இருமுறை பணம் கொடுத்திருக்கிறார், கேட்க வேண்டியது கடையில். 9-ஆம் தேதி பழைய குறிப்பை நம்பி, வங்கி தாமதம் செய்கிறது என்று தொடங்கும் சாட்பாட், முழு நினைவோடு தவறான வழியில் போகும்.

திரும்பி வரும்போது எதைக் கொண்டுவருவது

மறுதிறப்பைப் பற்றிய பழைய விடை டிக்கெட் மென்பொருள்களிலிருந்து வந்தது. ஜென்டெஸ்க் போன்ற அமைப்புகளில் தீர்ந்தது, மூடப்பட்டது என்பவை இரண்டு தனி நிலைகள். தீர்ந்ததாகக் குறித்த புகாருக்கு வாடிக்கையாளர் பதில் எழுதினால் அது மீண்டும் திறக்கும். இயல்பான அமைப்பில் 4 நாட்களுக்குப் பிறகு அது தானாக மூடப்படும். 28 நாட்களுக்கு மேல் மூடாமல் வைக்கவும் முடியாது. மூடிய பிறகு எழுதினால், பழையதோடு இணைக்கப்பட்ட புதிய புகார் உருவாகும். தீர்ந்ததாகத் தோன்றுவதற்கும் முடிந்துபோனதற்கும் நடுவே ஒரு தவணையை ஒப்புக்கொள்வதால் இது கடிகார முடிவைவிடப் பண்பட்டது. ஆனால் 4 நாள் தவணை யூபிஐயின் 5 நாள் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். தவணையைப் பிரச்சினையின் இயல்பு முடிவுசெய்ய வேண்டும், மென்பொருளின் இயல்பான அமைப்பு முடிவுசெய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் தேவையில்லை.

மொழி மாதிரிகளோடு புதிய விடைகள் வந்தன. அவற்றில் ஒன்று, பழைய உரையாடல் முழுவதையும் அப்படியே மாதிரியின் முன்னால் வைத்துவிடலாம் என்பது. மற்றொன்று, சுருக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. ஜிங் ஷு, ஆர்த்தர் ஸ்லாம், ஜேசன் வெஸ்டன் ஆகியோர் 2021-இல் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் இடைவெளி விட்டுத் தொடரும் உரையாடல்களை ஆராய்ந்து, பழைய பேச்சைச் சுருக்கி நினைவில் வைக்கும் முறைகள் அக்கால வழக்கமான அமைப்புகளைவிட மேலாக இயங்குவதைக் காட்டினார்கள். மாதிரிகளின் கொள்ளளவு பெருகிய பிறகு, சுருக்கம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியது. அதைக் கலைத்தது பிலிப் லாபானும் உடன் ஆய்வாளர்களும் 2025-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே வேலையை ஒரே செய்தியில் முழுமையாகச் சொல்வதற்கும், பல செய்திகளில் துண்டு துண்டாகச் சொல்வதற்கும் நடுவே மாதிரிகளின் திறன் சராசரியாக 39 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் கண்டார்கள். தொடக்கத்தில் ஒரு தவறான ஊகத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி பின்னர் அதிலிருந்து மீள்வதில்லை. மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் பிங் சாட்டை ஓர் அமர்வுக்கு 5 கேள்விகளோடு நிறுத்தியபோது, நீளமான உரையாடல் மாதிரியைக் குழப்புகிறது என்றே காரணம் சொன்னது.

இதன் விளைவு பயனருக்கும் பொருந்தும். குழம்பிப்போன பழைய உரையாடலைத் தோண்டியெடுத்துத் தொடர்வதைவிட, உறுதியானவற்றை மட்டும் ஒரே செய்தியில் தொகுத்துப் புதிதாகத் தொடங்குவது பெரும்பாலும் நல்லது. தொகுக்கும்போது எதை விடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. என்ன செய்து பார்த்தோம், அதனால் என்ன ஆனது, கடைசியாக எங்கே நின்றது என்பவை வர வேண்டும். முதல் முறை சொல்லப்பட்ட காரணம் வெறும் ஊகமாக இருந்தால் அதை ஊகம் என்று குறித்தோ விட்டுவிட்டோ எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய தவறு புதிய உரையாடலுக்குள் உண்மை போல நுழைந்துவிடும்.

பொறுப்பைக் கைமாற்றுவதில் அதிகம் ஆராயப்பட்ட இடம் மருத்துவமனைதான். பணிமாற்றத்தின்போது மருத்துவர்கள் தகவலை ஒப்படைக்கும் ஐ-பாஸ் என்ற முறையை 9 மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வு 2014-இல் வெளியானது. மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன. அந்த முறையில் நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டிய பணிகள், எதிர்பாராதது நடந்தால் என்ன என்பவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு: பெற்றுக்கொள்பவர், தான் புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சாட்பாட் வடிவமைப்பில் மிகவும் விடுபடுவது இந்த ஐந்தாவதுதான். திரும்பி வந்தவரிடம் எல்லாம் தெரிந்ததுபோல் தொடர்வதும் தவறு, எதுவும் தெரியாததுபோல் தொடங்குவதும் தவறு. முதலில் இப்போதைய நிலையை மூலப் பதிவில் சரிபார்க்க வேண்டும். பிறகு, 3-ஆம் தேதிப் பரிமாற்றம் பற்றித்தானே, 8-ஆம் தேதிக்குள் பணம் வந்திருக்க வேண்டும், பதிவில் இன்று இப்படித் தெரிகிறது என்று ஓரிரு வரியில் சொல்லி, சரியா என்று பயனரிடம் கேட்க வேண்டும். அவர் திருத்தினால் திருத்தமே செல்லும்.

நினைவில் வைப்பதன் விலை

நினைவு எல்லோருக்கும் நன்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே தொலைபேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகளில், முந்தைய புகாரை அமைப்பு தானாகவே நினைவூட்டுவது ஒருவரின் கடனையோ மருத்துவச் செலவையோ மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கலாம். புகார் எண்ணைப் பயனர் தானே கொடுத்த பிறகு விவரங்களைக் காட்டுவது சற்று மெதுவானாலும் பாதுகாப்பானது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. இந்தியாவின் 2023 எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அது நிறைவேறியதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, தரவை அழிக்கச் சொல்கிறது. அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று குறிக்கும் கணம் வெறும் புள்ளிவிவரமாக இல்லாமல், அழிப்பதற்கான கடிகாரம் ஓடத் தொடங்கும் கணமாகவும் ஆகக்கூடும். தவறாகத் தீர்ந்ததென்று குறித்தால், திரும்பி வருபவருக்குத் தேவைப்படும் ஆதாரமே இல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

ஆதாரம் எவ்வளவு பெறுமதியானது என்பதை ஏர் கனடா வழக்கு காட்டியது. உறவினர் இறந்ததால் பயணம் செய்த ஒருவரிடம், சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பின்னும் கோரலாம் என்று நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொன்னது. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிமைத் தீர்ப்பாயம், தன் சாட்பாட் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று கூறி, 650 கனடிய டாலருக்கும் சற்று அதிகமான இழப்பீட்டை வழங்கியது. பயணி அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருந்தார். உரையாடல் முடியும்போது அதன் நகலை மின்னஞ்சலிலோ கோப்பாகவோ பயனரிடம் கொடுப்பது நிறுவனத்துக்குச் சங்கடமாக இருக்கலாம். பயனரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதைவிட நல்ல விடைபெறுதல் இல்லை.

திறந்தே இருப்பவை

இதுவரை உள்ள சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது, தகவல் கேட்டு வந்த உரையாடலையும் விளைவுக்காகக் காத்திருக்கும் உரையாடலையும் ஒரே முறையில் முடிக்கக்கூடாது என்பது. முதலாவதுக்குப் பார்த்து உறுதிசெய்யும் ஒரு கேள்வி போதுமானது. இரண்டாவதுக்குத் தேதியும், அடையாளமும், திரும்பும் வழியும் வேண்டும். எது எந்த வகை என்று நிரல் தானாகப் பிரித்தறிவது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது இன்னும் தீராதது. ஒரே வாக்கியத்தில் இரண்டு வகையும் கலந்து வருவதுதான் வழக்கம்.

அனுமானத் தீர்வுக்குக் கட்டணம் வாங்குவது நியாயமா என்பதிலும் முடிவான கருத்து இல்லை. எத்தனை நாள் மௌனத்தைச் சம்மதமாக எடுக்கலாம் என்பது பிரச்சினைக்குப் பிரச்சினை மாறும். அந்த எண்ணை விற்பவர், வாங்குபவர் இருவரும் பேசி வைக்கிறார்கள். அதனால் பாதிக்கப்படும் வாடிக்கையாளர் அந்தப் பேச்சில் இல்லை. கெடுவைச் சட்டமோ ஒழுங்குமுறை அமைப்போ முன்பே வரையறுத்த இடங்களில், யூபிஐ போல, அந்தக் கெடு முடியும்வரை எந்தப் புகாரையும் தீர்ந்ததாகக் குறிக்கக்கூடாது என்று ஒரு விதி வருமானால் அது நியாயமான தொடக்கமாக இருக்கும். வேறு துறைகளில், ஒரு கூரியர் பார்சல் அல்லது ஓர் இணைய இணைப்பு விஷயத்தில், அந்தத் தவணையை யார் நிர்ணயிப்பது என்ற கேள்விக்கு இன்று யாரிடமும் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை.